எல்லோரையும் கூப்பிடும் முன்

180 பேர் இருக்கும் ஓர் அலுவலக ஸ்லாக் சேனல். பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சான்பிரான்சிஸ்கோவில் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதத்தில் ஒரு நாள், அங்கே காலை 11 மணிக்கு ஒருவர் தட்டுகிறார்: "@channel போன காலாண்டு ரிப்போர்ட்டின் டெம்ப்ளேட் யாரிடமாவது இருக்கிறதா?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோதான். செய்தியோ 180 பேருக்கும் போகிறது. சென்னையில் அப்போது இரவு 11.30. ஃபோனை மௌனத்தில் போடாதவர் தலையணைப் பக்கம் கைநீட்டி, படித்து, தனக்கு இதில் ஒரு வேலையும் இல்லை என்று புரிந்துகொண்டு திரும்பப் படுக்கிறார். எரிச்சல் காலையில் தீர்ந்துவிடும். ஆனால் இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் அவர் அந்த சேனலின் செட்டிங்ஸுக்குப் போய் @channel, @here இரண்டின் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிடுவார்.

அவர் நிறுத்தியது அனுப்புகிறவருக்குத் தெரியாது. 180 பேரில் 60 பேர் இப்படிக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாலும், அனுப்புகிறவர் திரையில் எல்லாம் வழக்கம்போலவே இருக்கும். உண்மையிலேயே அவசரம் வரும் நாளில்தான், பாதிப் பேர் ஏன் பார்க்கவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஸ்லாக்கில் இந்தக் கூப்பாடு மூன்று வகை. @channel என்றால் அந்த சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் போகும். அவர் வேலையில் இருக்கிறாரா, வெளியே போய்விட்டாரா என்று பார்க்காது. @here என்றால் அந்த நேரத்தில் ஸ்லாக்கில் இருப்பவர்களுக்கு மட்டும். @everyone நிறுவனம் முழுவதும் இருக்கும் பொது சேனலுக்கானது. பெரும்பாலானோர் முதல் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். தொல்லையில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

நான்காவது மாடிக்காரர்களுக்கென்று தனி சேனல் இருந்து, "மதியச் சாப்பாடு வந்துவிட்டது" என்று சொல்ல வேண்டுமானால் @here போதும். அப்போது அலுவலகத்தில் இல்லாதவருக்கு அந்தச் சாப்பாட்டால் பயனில்லை. கனமழையால் நாளை அலுவலகம் திறக்காது என்று இரவு 8 மணிக்கு முடிவாகிறது என்றால் @channel போட வேண்டும். கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனவர்தானே காலையில் பஸ் ஏறப்போகிறவர்? அவர் கண்ணில் படாவிட்டால் அறிவிப்பே வீண். சர்வர் விழுந்து யாராலும் வேலை செய்ய முடியவில்லை, சம்பளப் படிவத்தின் கடைசி நாள் நாளையிலிருந்து இன்றைக்கு மாறிவிட்டது என்பவையும் இந்த வகைதான்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: சேனலில் உள்ள ஒவ்வொருவரும் இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது செய்வதை நிறுத்த வேண்டுமா? ஆம் என்றால் தாராளமாகக் கூப்பிடலாம். பிறந்தநாள் வாழ்த்து, புது ஊழியர் அறிமுகம், "இந்தக் கட்டுரையைப் படியுங்கள்" எல்லாம் சும்மா போட்டாலே போதும். பார்க்க வேண்டியவர்கள் காபி நேரத்தில் பார்த்துக்கொள்வார்கள். டெம்ப்ளேட் தேடியவர்கூட, நிதிக் குழுவுக்கென்று அட்மின் ஒரு குழுப் பெயர் வைத்திருந்தால் அதை மட்டும் அழைத்திருக்கலாம். இல்லாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாம்.

கூப்பிடுவதென்று முடிவானால் செய்தி முழுதாக இருக்க வேண்டும். "@channel ஒரு பிரச்சினை, எல்லோரும் கவனிக்கவும்" என்று போட்டால் நூறு பேர் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். இப்படிப் போட்டுப் பாருங்கள்: "@channel பில்லிங் சர்வர் 3.10 முதல் வேலை செய்யவில்லை. புது பில் எதுவும் போடாதீர்கள். பழைய பில்களுக்குப் பாதிப்பில்லை. அடுத்த தகவல் 4 மணிக்கு, இதே செய்தியின் த்ரெட்டில்." யாரும் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. த்ரெட்டில் போடும் பதில், அதில் கலந்துகொண்டவர்களையும் அதைப் பின்தொடர்பவர்களையும் தாண்டி மற்றவர்களைத் தட்டி எழுப்பாது. சரியானதும் ஒரே ஒரு முறை மேலே சொன்னால் போதும். "தவறுதலாக @channel போட்டுவிட்டேன், மன்னிக்கவும்" என்பதற்கு இன்னொரு @channel வேண்டவே வேண்டாம். அதையும் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

சேனல் பெரிதாக இருந்தால் அனுப்புவதற்கு முன் ஸ்லாக்கே ஓர் எச்சரிக்கை காட்டும், இத்தனை பேருக்குப் போகப்போகிறது என்று. பழக்கதோஷத்தில் அதையும் படிக்காமல் தட்டிவிடுகிறார்கள். அப்படியிருந்தால், இந்த அழைப்பை யார் பயன்படுத்தலாம் என்று அட்மின் கட்டுப்படுத்திவிடுவதே மேல்.

நள்ளிரவு 2 மணிக்கு சர்வர் விழுந்தால் @channel-ஐ நம்பாதீர்கள். 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிட்டுத் தூங்குகிறவரின் ஃபோனை அது ஒலிக்க வைக்காது. அன்றைக்கு இரவுப் பொறுப்பில் யார் இருக்கிறார் என்று பார்த்து அவருக்கு ஃபோன் போடுங்கள். மற்றவர்கள் காலையில் எழுந்து த்ரெட்டைப் படித்துக்கொள்ளட்டும்.