கொம்பு முன்னால், ஒலி பின்னால்

"எம் பொண்ணு புத்தகம் முழுசையும் கடகடன்னு வாசிச்சிடுவா மேடம்." ஒன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு நான் நடத்தும் ஒன்றரை மணி நேரப் பயிலரங்கில் இப்படி யாராவது சொல்லாத நாள் குறைவு. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள் என்பேன். பிள்ளை முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நின்றால், அது வாசிப்பு அல்ல, மனப்பாடம். கதை மனத்தில் பதிந்தது நல்லதுதான். எழுத்துக் கூட்டும் வேலை மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.

முதல் கால் மணி நேரம் பெற்றோருக்கே பாடம். நான்கு தெலுங்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்து, அவற்றால் ஆன சொற்களை வாசிக்கச் சொல்வேன். விரல் வைத்து, உதடு அசைத்து, திணறுவார்கள். "கொஞ்சம் டைம் குடுங்க மேடம்" என்று ஒரு அப்பா கேட்டார். வீட்டில் பிள்ளையும் அதைத்தான் கேட்கிறது.

அடுத்த 40 நிமிடம் அட்டை விளையாட்டு. பயிலரங்கின் உயிர் இதுதான். தமிழில் கொம்பை முன்னால் எழுதுகிறோம். அதன் ஒலியோ மெய்க்குப் பிறகு வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். 'கொடி' என்பதை 'கெ... கெடி' என்று வாசித்துவிட்டு, நடுவில் நிற்கும் காலை விட்டுவிடும். 'கவனமா பாரு' என்று அதட்டினால் எதுவும் மாறாது.

க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் க. வலப்பக்கம் காலை வைத்தால் கா. காலை எடுத்துவிட்டு இடப்பக்கம் கொம்பை வைத்தால் கெ. இரண்டும் இருந்தால் கொ. ஒவ்வொரு முறையும் பிள்ளையே அட்டையை வைத்து, ஒலியைச் சொல்லட்டும். நான்கைந்து நாளில் கெ, கொ பிரிந்து தெரியும். அதன் பிறகு இரட்டைக்கொம்பு போட்டு கே, கோ. பிடிபட்டதா என்று பார்க்க, 'தொபி', 'கெமு' போன்ற பொருளில்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். அவற்றை யாரும் மனப்பாடமாகச் சொல்ல முடியாது.

இருபது நிமிடம் கதைக்கு. இதில் எழுத்தைத் தொட வேண்டாம். நீங்கள் வாசியுங்கள், பக்கம் திருப்பும் முன் "இப்ப என்ன ஆகும்?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தை வைத்து இதைச் செய்யலாம்.

மிச்ச நேரத்தில் வீட்டுக்கான தாளைக் கொடுப்பேன். நாளுக்குப் பத்து நிமிடம், அதுவும் சாப்பிட்ட பிறகு, பசியோடு வேண்டாம். பிள்ளை தடுமாறினால் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள், அப்புறம் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் சிக்கினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு எளிதான வேறொன்றை எடுங்கள். 'தங்கம்' என்பதில் க-வை 'மகள்' க போல வாசித்தால் திருத்த அவசரப்படாதீர்கள். சொல் தெரிந்ததும் காதே திருத்திக்கொள்ளும். மாதக்கணக்கில் முயன்றும் பத்து எழுத்துகூட நிற்காவிட்டால் மட்டும், அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.