கையில் தெளிவு, அனுப்பினால் மங்கல்: காணொளிக்கு என்ன நடக்கிறது?

கையடக்கத் தொலைபேசியில் எடுத்தவுடன் பார்த்தால் காணொளி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. அதையே வட்ஸ்அப்பில் அனுப்பிய பின்போ, முகநூலில் ஏற்றிய பின்போ பார்த்தால் முகங்கள் கரைந்து, எழுத்துகள் கலங்கிப் போயிருக்கின்றன. பலர் தொலைபேசியின் கமராவைக் குறை சொல்கின்றார்கள். வேறு சிலர் இணைய இணைப்பைக் குறை சொல்கின்றார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. தளம் அந்தக் காணொளியைத் தன் அளவுக்குச் சுருக்கி எழுதுகிறது. எழுதும்போது எதை வைத்திருப்பது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் எவ்வாறு நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், எதைக் காப்பாற்றலாம், எதைக் காப்பாற்ற முடியாது என்பதும் விளங்கிவிடும்.

இதற்கு ஓர் உதாரணம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவி 3 நிமிடம் பேசுகிறாள். வெளிநாட்டில் தொழில் புரியும் தந்தைக்கு அனுப்புவதற்காகத் தாய் அதைப் படம்பிடிக்கிறார். மகளின் முகமும், அவளுக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் உள்ள எழுத்துகளும் தந்தைக்குத் தெரியவேண்டும் என்பதுதான் தாயின் விருப்பம்.

தொலைபேசி 1080p என்ற அளவில் பதிவு செய்கிறது என்று கொள்வோம். அப்படியாயின் ஒவ்வொரு படச்சட்டகத்திலும் 1920 நிரல்களும் 1080 நிரைகளுமாகச் சுமார் 20 இலட்சம் படப்புள்ளிகள் இருக்கும். ஒரு படப்புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் தேவை. ஆகவே ஒரு சட்டகத்துக்கு 6 மெகாபைட்டுக்குச் சற்று மேல் வேண்டும். ஒரு செக்கனுக்கு 30 சட்டகங்கள் வீதம் 3 நிமிடத்துக்குக் கணக்கிட்டால், தொகை 33 கிகாபைட்டைத் தாண்டுகிறது. இதை எந்தத் தொலைபேசியும் அப்படியே சேமிப்பதில்லை. பதிவு செய்யும்போதே சுருக்கி, நிமிடத்துக்குச் சுமார் 130 மெகாபைட் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. எனவே அசல் என்று நாம் சொல்லும் கோப்பும் ஏற்கெனவே ஒரு முறை சுருக்கப்பட்டதுதான். ஆனால் அந்தச் சுருக்கம் தாராளமானது. 3 நிமிடத்துக்கு 390 மெகாபைட் கிடைப்பதால், ஒரு சட்டகத்துக்குச் சராசரியாக 72 கிலோபைட் வருகிறது. நம் கண்ணுக்குக் குறை எதுவும் தெரிவதில்லை.

அடுத்து அனுப்பும் கட்டம். கோடிக்கணக்கானோரின் காணொளிகளைச் சேமித்து வைத்து, மெதுவான இணைப்பிலும் ஓடச்செய்ய வேண்டிய தளம் இவ்வளவு பெரிய கோப்பை விரும்புவதில்லை. நமது காணொளி 16 மெகாபைட்டாகச் சுருக்கப்படுகிறது என்று கொள்வோம். ஒலிக்குச் செல்லும் பங்கை விட்டுவிட்டாலும், ஒரு சட்டகத்துக்கு இப்போது கிடைப்பது சுமார் 3 கிலோபைட் மட்டுமே. 72 இருந்த இடத்தில் 3. பத்துப் பேருக்கு ஆக்கிய சோற்றை இருநூறு பேருக்குப் பங்கிடுவது போன்ற நிலை இது.

இந்த நெருக்கடியைச் சமாளிக்கத் தளம் முதலில் செய்வது படத்தின் அளவைக் குறைப்பதாகும். 1080 நிரைகள் 480 ஆகின்றன. அதாவது, அருகருகே இருக்கும் ஐந்து படப்புள்ளிகளின் இடத்தில் ஒன்று என்ற கணக்கு. பெரிய உருவங்களுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை, நுண்ணியவற்றுக்குத்தான் பாதிப்பு. பதாகையில் 'பரிசளிப்பு' என்ற சொல்லில் 'ப்' மேலுள்ள புள்ளி, அசல் காணொளியில் 3 படப்புள்ளி அகலம் இருந்தது என்று வையுங்கள். இப்போது அது ஒன்றரைக்கும் குறைவாகிவிடுகிறது. கறுப்பாக இருந்த புள்ளி, சுற்றியுள்ள வெள்ளையுடன் கலந்து சாம்பல் நிறமாகிறது. மெய்யெழுத்து உயிர்மெய் போலத் தோன்றத் தொடங்குவது இங்கேதான்.

ஆனால் படப்புள்ளிகளை ஐந்தில் ஒன்றாக்கினாலும் கணக்குச் சரிவரவில்லை. இடம் இருபத்து நான்கில் ஒன்றாக அல்லவா குறைந்திருக்கிறது? மீதியைச் சுருக்கும் முறையே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது 2003 இல் வெளியான எச்.264 என்ற முறை. அது இரண்டு தந்திரங்களைக் கையாள்கிறது.

முதலாவது, மாறாததை மீண்டும் எழுதாமை. ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதிய பின், அடுத்து வருபவற்றை 16க்கு 16 படப்புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் முந்திய சட்டகத்தில் ஒத்த பகுதி உண்டா என்று தேடுகிறது. மேடைச் சுவரும் பதாகையும் அசைவதில்லை. அவற்றுக்கு 'முன்பு இருந்தபடியே' என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். செலவு மிகச் சொற்பம். மாணவியின் கை சற்று வலப்புறம் நகர்ந்தால், 'அந்தச் சதுரத்தை இவ்வளவு தூரம் நகர்த்து' என்று எழுதி, பொருந்தாத சிறு வேறுபாட்டை மட்டும் திருத்தமாகச் சேர்க்கிறது.

இரண்டாவது தந்திரம் அந்தத் திருத்தங்களை எழுதும் விதத்தில் இருக்கிறது. ஒரு சதுரத்துக்குள் உள்ள படப்புள்ளிகள் தனித்தனியாக எழுதப்படுவதில்லை. அச்சதுரத்தின் பொதுவான வெளிச்சம் எவ்வளவு, பெரும்போக்கான மாற்றம் எவ்வளவு, நுண்ணிய மாற்றம் எவ்வளவு என்று பிரித்து எண்களாக எழுதப்படுகின்றன. பின்பு அந்த எண்கள் முழுத் தொகைக்கு மட்டப்படுத்தப்படுகின்றன. உதாரணமாக, எல்லாவற்றையும் 20 இன் மடங்காக மட்டப்படுத்தினால், 143 என்பது 140 ஆகும், பெரிய இழப்பில்லை. ஆனால் 6 என்பது பூச்சியமாகிவிடும். பொதுவான வெளிச்சத்தைச் சொல்பவை பெரிய எண்கள், அவை பிழைத்துக்கொள்கின்றன. கண்ணிமை, துணியின் நெசவு, எழுத்தின் ஓரம் போன்ற நுட்பங்களைச் சொல்பவை பெரும்பாலும் சிறிய எண்கள், அவை அழிந்துபோகின்றன. இடம் குறையக் குறைய மட்டப்படுத்தும் அளவு 20 இலிருந்து 40, 60 என்று கூடுகிறது. அதனுடன் இழப்பும் கூடுகிறது.

இவ்வாறு நுட்பம் இழந்த சதுரங்களை அடுத்தடுத்து வைத்தால், ஓடு பதித்தது போல எல்லைக்கோடுகள் தெரியும். பழைய காணொளிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். எச்.264 அந்த எல்லைகளைத் தேடித் தேடி மழுப்பிவிடுகிறது. சதுரங்கள் மறைகின்றன, அவற்றின் இடத்தில் ஈரக் கையால் துடைத்துவிட்டது போன்ற ஒரு மங்கல் வந்து சேர்கிறது. நாம் காணும் மங்கலில் ஒரு பகுதி இப்படி வேண்டுமென்றே பூசப்பட்டதாகும்.

இதிலிருந்து முக்கியமான ஓர் உண்மை வெளிப்படுகிறது. சுருக்கும் முறைக்கு எது முகம், எது திரைச்சீலை என்று தெரியாது. எது மாறுகிறதோ அதற்கே செலவு செய்கிறது. தாயின் கை நடுங்கினால் சுவர், பதாகை, திரை எல்லாமே ஒவ்வொரு சட்டகத்திலும் இடம்பெயர்கின்றன. மேடையில் மினுங்கும் சரிகைத் தோரணம் காற்றில் ஆடினால், ஒவ்வொரு மினுக்கமும் புதிய செய்தியாகிவிடுகிறது. மண்டபம் இருட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குறைந்த ஒளியில் கமரா மணல் தூவியது போன்ற புள்ளிகளை உண்டாக்குகிறது. அப்புள்ளிகள் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால், அசையாத சுவர்கூட அசைவது போலவே கணக்கிடப்படுகிறது. இருக்கும் 3 கிலோபைட்டை இவை பங்குபோட்டுக்கொண்டால், மகளின் முகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மங்கலுக்குச் சுருக்கம்தான் காரணமா என்பதை எப்படி அறிவது? தொலைபேசியில் உள்ள அசலையும் அனுப்பிய பிரதியையும் ஒரே செக்கனில் நிறுத்திப் பாருங்கள். அசலிலும் மங்கலாக இருந்தால் வில்லையில் விரல் அழுக்கோ, குவியத் தவறோ, தூரத்திலிருந்து பெருப்பித்து எடுத்ததோ காரணமாகலாம். அசல் தெளிவாக இருந்து பிரதி மட்டும் மங்கினால் அது சுருக்கத்தின் வேலை. பேசுபவர் அசையாது நிற்கும்போது முகம் ஓரளவு தெளிந்து, அசைந்ததும் கரைந்துபோனால், இடப் பற்றாக்குறை என்பது உறுதி. அசைவே இல்லாத இடத்திலும் எழுத்துகள் எப்போதும் ஒரே விதமாகக் கலங்கியிருந்தால், படத்தின் அளவைக் குறைத்ததே முதற்காரணம். யூடியூப்பில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அங்கே ஏற்றியவுடன் குறைந்த தரப் பிரதியே முதலில் ஆயத்தமாகிறது. உயர்தரப் பிரதி பின்னர் வருவதால், சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

இனி, தாய் செய்யக்கூடியவை என்ன? தொலைபேசியை ஒரு கதிரையின் முதுகிலோ தாங்கியிலோ ஊன்றி வைத்தால், பின்னணி முழுவதும் செலவில்லாததாகிவிடும். மேடை விளக்குகள் எரியும்போது, இயன்றவரை அருகில் சென்று எடுத்தால் இருட்டுப் புள்ளிகள் குறையும். முகம் சட்டகத்தில் பெரிதாகவும் விழும். 3 நிமிடத்தையும் அனுப்பாமல், முக்கியமான 1 நிமிடத்தை வெட்டி அனுப்பினால், அதே 16 மெகாபைட்டில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் மூன்று மடங்கு இடம் கிடைக்க வழியுண்டு. வட்ஸ்அப்பில் அனுப்பும் முன் HD என்பதைத் தெரிவு செய்தால் 720 நிரைகள் வரை கிடைக்கும். எந்த இழப்பும் கூடாதென்றால், காணொளியாக அனுப்பாமல் Document என்ற வழியில் கோப்பாக இணைத்து அனுப்ப வேண்டும். 2 கிகாபைட் வரையான கோப்பை வட்ஸ்அப் சுருக்காமல் அப்படியே கொண்டுசேர்க்கும். டேட்டாச் செலவு மட்டும் கூடும்: நமது உதாரணத்தில் 16க்குப் பதில் 390 மெகாபைட்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வட்ஸ்அப்பில் வந்த பிரதியை எடுத்து முகநூலில் ஏற்றுவதும், அங்கிருந்து இறக்கி மீண்டும் வேறொரு தளத்தில் ஏற்றுவதும் மங்கலை மேலும் மேலும் கூட்டும். முதற்சுருக்கம் உண்டாக்கிய கறைகளை இரண்டாவது சுருக்கம் உண்மையான படம் என்று எண்ணி, அவற்றுக்கும் இடம் ஒதுக்குகிறது. எந்தத் தளத்தில் ஏற்றுவதானாலும் அசலிலிருந்தே ஏற்ற வேண்டும்.

பூச்சியமாக மட்டப்படுத்தப்பட்ட எண் முன்பு 6 ஆக இருந்ததா 3 ஆக இருந்ததா என்பதைச் சுருக்கிய கோப்பு எங்கும் குறித்து வைப்பதில்லை. கூர்மையாக்கும் செயலிகள் ஓரங்களைக் கடுமையாக்கிக் காட்டலாம். ஆனால் போன புள்ளியைத் திருப்பித் தர அவற்றால் முடியாது. தொலைபேசியில் இடம் போதவில்லை என்று அசலை அழித்துவிட்டு, 'வட்ஸ்அப்பில்தான் இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். அங்கே இருப்பது இருபத்து நான்கில் ஒரு பங்கு மட்டுமே. மகளின் பேச்சு பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் முகம் தெரியும்படி இருக்கவேண்டுமானால், அந்த 390 மெகாபைட்டை முதலில் ஒரு கணினியிலோ பென்டிரைவிலோ பிரதி செய்யுங்கள். தொலைபேசியிலிருந்து அழிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.