முன்பணம் யாருடையது?

பொங்கல் விடுமுறைக்குக் கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டே. மூன்று அறைகள், மூன்றுக்கும் ₹4,500 முன்பணம். ஒரே மாலையில் இரண்டு பேர் பணம் அனுப்புகிறார்கள். ஒருவர் மனைவியின் கணக்கிலிருந்து, இன்னொருவர் அலுவலகக் கணக்கிலிருந்து. வங்கிப் பட்டியலில் முன்பதிவு செய்தவர்களின் பெயரே இல்லை. எந்தப் பணம் எந்த அறைக்கு?

இந்தக் குழப்பத்தை, கணக்கு எண்ணோடு அனுப்பும் செய்தியிலேயே தவிர்த்துவிடலாம். இப்படி:

"அறை 2, ஜனவரி 15 முதல் 17 வரை, 2 இரவு. மொத்தம் ₹9,000. இதில் ₹4,500 முன்பணம். 12-ம் தேதி மாலை 6 மணிக்குள் எங்கள் கணக்கில் வந்து சேர வேண்டும். மீதி ₹4,500 வந்த அன்று. குறிப்புப் பகுதியில் KD0115R2 என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் வங்கி பிடிக்கும் கட்டணம் இந்தத் தொகையில் சேராது. அனுப்பியதும் யூடிஆர் எண்ணைத் தெரிவியுங்கள்."

ஊர், தேதி, அறை மூன்றும் அந்தக் குறியீட்டில் அடங்கிவிட்டன. இடைவெளி, கோடு எதுவும் வேண்டாம். சில வங்கிச் செயலிகள் அவற்றை ஏற்பதில்லை. குறிப்பு மறுமுனையில் அப்படியே தெரியும் என்ற உத்தரவாதமும் கிடையாது. யூடிஆர் கேட்பது அதற்காகத்தான். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் திருத்தலாம். யூடிஆர் எண்ணையோ தன் கணக்கில் வந்த வரவோடு உரிமையாளர் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கட்டணச் சண்டை பெரும்பாலும் சில்லறைக்குத்தான். சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழி என்இஎஃப்டி அனுப்ப, 2020 ஜனவரியிலிருந்து கட்டணம் இல்லை. ஐஎம்பிஎஸ்ஸுக்குச் சில வங்கிகள் பிடிக்கும். கட்டணம் ₹5 என்றால், 18% ஜிஎஸ்டியோடு ₹5.90. விருந்தினர் கணக்கில் ₹4,505.90 கழியும், உரிமையாளருக்கு ₹4,500 முழுதாக வரும். இது தெரியாத விருந்தினர் மீதித் தொகையில் அதைக் கழிக்கப் பார்ப்பார். வெளிநாட்டுப் பணத்தில் கதை வேறு: வழியில் உள்ள வங்கிகளும் அனுப்பிய தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அவர்களிடம் கட்டண முறையில் OUR என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். அப்போது கட்டணம் அனுப்புபவர் பொறுப்பு.

இன்னொரு சிக்கல், பெயர். பலகையில் ஹோம்ஸ்டே பெயர் இருக்கும், கணக்கோ உரிமையாளரின் அம்மா பெயரில் இருக்கும். என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் அனுப்புமுன் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. அறியாத பெயரைத் திரையில் கண்டால் விருந்தினர் மோசடி என்று பயப்படுவது நியாயமே. "கணக்கு என் தாயார் பெயரில் உள்ளது" என்று ஒரு வரி சேர்த்து, பாஸ்புக்கில் உள்ளபடியே பெயரை எழுதிவிட வேண்டும்.

கெடுவை அன்றிரவே வைப்பதும் சரியல்ல. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரம் பல வங்கிகள் தொகை வரம்பு வைக்கின்றன. இரண்டு நாள் அவகாசம் கொடுத்தால், பணம் வருவதற்குள் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் சங்கடம் இல்லை.