விலகியவர்களுக்கும் வாடகை

மதுரையில் கண்டாங்கி, சுங்குடி விற்கும் கடைகள், பயிற்சி மையங்கள், சுற்றுலா முகவர்கள் எனப் பலரும் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப வெளிநாட்டு நிறுவனங்களின் சேவைக்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள். முதல் சில மாதங்கள் பில் சிறியதாக இருக்கும். பிறகு ஒரு மாதம் திடீரென்று எகிறும். அப்போது பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்கள், அல்லது கோபத்தில் பாதி முகவரிகளை அழித்துத் தள்ளுவார்கள். இரண்டுமே தவறு. முதலாவதில் பணம் மட்டும்தான் போகிறது. இரண்டாவதில், இனி அனுப்ப வேண்டாம் என்று சொன்னவர்களுக்கே மறுபடி கடிதம் போய்ச் சேர்கிறது.

பில் ஏன் ஏறுகிறது? 'மாதம் 2,500 தொடர்புகள் வரை இன்ன விலை' என்று திட்டத்தில் எழுதியிருந்தால், 2,500 பேருக்கு அஞ்சல் அனுப்பலாம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நிறுவனம் எண்ணுவது ஆட்களை அல்ல, தன்னிடம் இருக்கும் பதிவுகளை. அதிகம் புழங்கும் மெயில்சிம்ப்பையே எடுத்துக்கொள்வோம். 2019 மே மாதம் அந்த நிறுவனம் தன் கட்டண முறையை மாற்றியது. அன்றிலிருந்து மூன்று வகைப் பதிவுகள் கணக்கில் சேர்கின்றன. அஞ்சல் பெறச் சம்மதித்தவர்கள் Subscribed. வேண்டாம் என்று விலகியவர்கள் Unsubscribed. இணையக் கடையில் பொருள் வாங்கியும் விளம்பர அஞ்சலுக்குச் சம்மதம் தராதவர்கள் Non-Subscribed. அஞ்சல் போய்ச் சேராமல் திரும்பிய Cleaned முகவரிகளும், Archive செய்யப்பட்டவையும் கணக்கில் வருவதில்லை. விலகியவருக்கு ஒரு விளம்பரக் கடிதம்கூட அனுப்ப முடியாது. ஆனாலும் அவருக்கான இடத்துக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறீர்கள்.

இதைவிட அதிகம் பேர் ஏமாறுவது ஒரே முகவரி இரண்டு லிஸ்ட்டில் இருக்கும்போது. மெயில்சிம்ப்பில் ஒவ்வொரு Audience-ம் தனித்தனிக் கணக்குப் புத்தகம். கடைக்கு நேரில் வந்து முகவரி கொடுத்த ஒருவர் தமுக்கம் பொருட்காட்சி ஸ்டாலிலும் கொடுத்து, பிறகு இணையத்திலும் வாங்கியிருந்தால், அவர் மூன்று புத்தகத்திலும் இருப்பார், மூன்று ஆளாக எண்ணப்படுவார். அதோடு, ஒரு லிஸ்ட்டிலிருந்து அவர் விலகினால் மற்ற இரண்டிலும் சந்தாதாரராகவே நீடிப்பார். விலகிவிட்டேனே, இன்னும் ஏன் வருகிறது என்று அவர் திட்டுவது நியாயம்தான்.

கணக்குக்காக ஒரு சுங்குடிக் கடையை வைத்துக்கொள்வோம். நேரில் வந்தவர்கள் லிஸ்ட்டில் 1,000 பதிவு; அதில் 150 பேர் விலகியவர்கள். பொருட்காட்சி லிஸ்ட்டில் 700; விலகியவர்கள் 100. இணையக் கடை லிஸ்ட்டில் 900. அதில் 500 பேர் விளம்பரத்துக்குச் சம்மதிக்காமல் பொருள் மட்டும் வாங்கியவர்கள். மொத்தம் 2,600. மெயில்சிம்ப் விலைப்படிகள் 500, 1,500, 2,500, 5,000 என்று ஏறுகின்றன. 2,500-ஐ வெறும் நூறு பதிவு தாண்டியதற்காக இந்தக் கடை 5,000-க்கான படியில் நிற்கிறது. இப்போது பிரித்துப் பார்ப்போம். விலகிய 250, சம்மதிக்காத 500 இரண்டையும் கழித்தால் 1,850. அதில் லிஸ்ட்டுக்கு லிஸ்ட் திரும்ப வரும் பதிவுகள் 350 என்றால், உண்மையான ஆட்கள் 1,500. இந்த 1,500-ல் 60 பேர் ஏதோ ஒரு லிஸ்ட்டிலிருந்து முன்பே விலகியவர்கள் என்றால், அஞ்சல் அனுப்பத் தகுதியானவர்கள் 1,440 பேர்தான். இரண்டு படி கீழே இருக்க வேண்டிய கடை இது.

இதைச் சரிசெய்யும்போது எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் வேலை, எதையும் தொடாமல் எல்லா லிஸ்ட்டையும் Export செய்து கணினியில் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு வகைப் பதிவும் தனிக் கோப்பாக இறங்கும். அடுத்து, மூன்று லிஸ்ட்டிலும் விலகியவர்களின் முகவரிகளை ஒரே தாளில் சேர்த்து, 'அனுப்பக் கூடாதவர்கள்' என்று பெயரிட்டுச் சேமிக்க வேண்டும். பிறகு மூன்றில் ஒன்றைப் பிரதான லிஸ்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகவரிகள் பிரதான லிஸ்ட்டின் சந்தாதாரர்களிலும் இருக்கின்றனவா என்று பார்க்க எக்செலில் ஒரு சூத்திரம் போதும். முதல் தாளின் A பத்தியில் பிரதான லிஸ்ட்டின் சந்தாதாரர்கள், இரண்டாம் தாளின் A பத்தியில் விலகியவர்கள் என்று வைத்தால், B2-வில் இதை எழுதிக் கீழே இழுக்கலாம்:

```
=COUNTIF(Sheet2!A:A, TRIM(A2))
```

0 வந்தால் பிரச்சினை இல்லை. 1 அல்லது அதற்கு மேல் வந்தால், அவர் எங்கோ விலகியவர். அவரைப் பிரதான லிஸ்ட்டிலும் விலகியவராக மாற்றிவிட வேண்டும். இது முடிந்த பிறகுதான் மற்ற லிஸ்ட்டுகளின் சந்தாதாரர்களைப் பிரதான லிஸ்ட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும் முன் அவர்களையும் இதே சூத்திரத்தால் சலித்துக்கொள்ள வேண்டும். யார் கடைக்கு வந்தவர், யார் பொருட்காட்சியில் வந்தவர் என்பதை Tags மூலம் குறித்துக்கொள்ளலாம். அதற்குத் தனி லிஸ்ட் தேவையே இல்லை. ஒரே லிஸ்ட்டுக்குள் ஒரு முகவரி ஒருமுறைதான் இருக்க முடியும் என்பதால் இரட்டைக் கணக்கு அத்தோடு ஒழிகிறது. பழைய லிஸ்ட்டுகளில் மிஞ்சியதையும், பிரதான லிஸ்ட்டில் விலகியவர்களையும், சம்மதிக்காத வாங்குநர்களையும் கடைசியில் Archive செய்யுங்கள். இணையக் கடை இணைந்திருக்கும்வரை சம்மதிக்காத புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அதனால் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

Archive என்றுதான் சொல்கிறேன். Delete அல்ல. Archive செய்தால் அந்த ஆள் விலகியவர் என்ற நினைவு சேவையில் தங்கும், பில்லில் மட்டும் வரமாட்டார். முற்றாக அழித்தால் அவர் விலகினார் என்ற வரலாறும் சேர்ந்து போகிறது. ஆறு மாதம் கழித்து, கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் பழைய எக்செல் கோப்பு ஒன்றைக் கண்டெடுத்து ஏற்றுவான். மெயில்சிம்ப் நிரந்தரமாக அழித்த முகவரியைத் திரும்ப இறக்குமதி செய்ய விடாது. ஆனால் அதே கோப்பை வேறு சேவையில் ஏற்றினால் தடுக்க யாருமில்லை. சேவை மாறும்போது நடப்பதும் இதுதான்: சந்தாதாரர் கோப்பை மட்டும் எடுத்துப்போகிறார்கள், விலகியவர் கோப்பை விட்டுவிடுகிறார்கள். மாறும் நாளில் முதலில் ஏற்ற வேண்டியது விலகியவர் கோப்பு.

மறுபடி அஞ்சல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். ஜிமெயில் 2024 முதல் நடைமுறைப்படுத்தும் விதியில், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் அஞ்சலுக்கு மூன்று பேர் அழுத்தினாலே எல்லையைத் தொட்டாயிற்று. அதன்பின் விரும்பிக் கேட்டவர்களுக்கும் உங்கள் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். சட்டமும் இருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைத் திரும்பப் பெறுவது அதைத் தந்ததுபோலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அவகாசம் முடியும்வரை காத்திருப்பது, வாடிக்கையாளரை மதிக்காத பழக்கம்.

நிறுவனத்தின் பக்கத்தையும் கேட்க வேண்டும். விலகியவரின் பதிவை வைத்திருந்தால்தானே அவருக்கு மறுபடி அனுப்பாமல் இருக்க முடியும், அதற்குச் செலவில்லையா என்பார்கள். பதிவு அவசியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அந்த ஒரு முகவரி போதும். Archive செய்தவற்றைக் கட்டணமின்றி வைத்திருக்க முடிகிறபோது, விலகியவர்களைத் தானாகவே அங்கே நகர்த்தவும் முடியும். செய்யாமல் விட்டது நிறுவனத்தின் தேர்வு. அதைப் பொறுக்க வேண்டியது நம் கடமை அல்ல. வேறு வழியில் எண்ணும் சேவைகளும் உண்டு. மெயிலர்லைட் செயலில் உள்ள சந்தாதாரர்களை மட்டும், ஒருவரை எத்தனை குழுவில் வைத்தாலும் ஒருமுறைதான் எண்ணுகிறது. பிரேவோ அனுப்பும் அஞ்சல்களின் எண்ணிக்கையைப் பார்த்து விலை போடுகிறது. முகவரி நிறைய, அஞ்சல் குறைவு என்றால் அது லாபம். வாரம் மூன்று அஞ்சல் அனுப்புபவருக்கு அது நஷ்டமாகலாம். எந்தச் சேவையானாலும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: விலகியவர் கணக்கா, ஒரே முகவரி இரு லிஸ்ட்டில் இருந்தால் ஒன்றா இரண்டா, மாத நடுவில் எல்லை தாண்டினால் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்வி முக்கியம். மெயில்சிம்ப்பில் மாத நடுவில் எல்லையைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் விழும். பிறகு Archive செய்தாலும் அந்த மாதத்துக்கு அது திரும்பாது. ஆகவே புதிய கோப்பை ஏற்றுவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும், ஏற்றிய பின் அல்ல. இன்னொன்று: எண்ணிக்கை குறைந்தால் பில் தானாகக் குறையாது. Billing பக்கத்துக்குப் போய் நீங்களே கீழ்ப்படிக்கு மாற்ற வேண்டும். முகவரிகளைச் சுத்தம் செய்து முடித்தவர்களிலும் பலர் இதை மறந்து, பழைய விலையையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றுங்கள், அன்றே.

கார்டில் பணம் பிடிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் சந்தாவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தொகையைக் குறிப்பிட்டு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஒரு கட்டணத்தை மட்டுமோ, அனுமதி முழுவதையுமோ நிறுத்த வழி தர வேண்டும். ரூ.15,000-க்கு மேல் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவை. தொகை மாதத்துக்கு மாதம் மாறும் சந்தாவுக்கு உச்சவரம்பை நீங்களே வைக்கலாம். வைத்துவிடுங்கள். தகவல் வராமல் பணம் போனால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ cms.rbi.org.in-ல் ஓம்புட்ஸ்மனுக்குப் புகார் செய்யலாம்; கட்டணம் கிடையாது.

சேவை நிறுவனமே தவறாகக் கணக்கிட்டிருந்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை. வணிகத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு கட்டாயம் ஆட்சேபிக்கும். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் கடை நடத்துபவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இணைக்க வேண்டியவை: சேர்ந்த நாளன்று இருந்த விலைப் பக்கத்தின் படம், மாத பில்கள், எண்ணிக்கை தெரியும் Audience பக்கத்தின் தேதியிட்ட படம், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, வங்கிக் கணக்கு அறிக்கை. விலைப் பக்கங்களை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றும் என்பதால், அந்தப் படத்தைப் பணம் கட்டும் நாளிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும்.