கம்ப்யூட்டர் லேப்: கொட்டேஷன் கேட்கும் முன் எழுதவேண்டியது

தாராவியில் ஒரு பள்ளி, கம்ப்யூட்டர் லேப் போட முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். '20 கம்ப்யூட்டருக்கு ரேட் சொல்லுங்க' என்று மூன்று வெண்டர்களுக்கு வாட்ஸ்அப் போகிறது. 8 லட்சம், 9.5 லட்சம், 11 லட்சம் என்று பதில் வருகிறது. கமிட்டி 8 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுகிறது. பில் வரும்போதுதான் ஜி.எஸ்.டி. தனி என்று தெரிகிறது. 18 சதவீதம் சேர்ந்தால் 9.44 லட்சம். யு.பி.எஸ். அதில் இல்லை, வயரிங் இல்லை, வாரண்டி ஓராண்டுதான். 11 லட்சம் சொன்னவரோ வரி, மேஜை, வயரிங், மூன்றாண்டு வாரண்டி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லியிருந்தார். வெண்டர் யாரும் ஏமாற்றவில்லை. கேட்டவர்கள் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆர்.எஃப்.பி. எனப்படும் முன்மொழிவுக் கோரிக்கை இதைத் தவிர்க்கத்தான். மாநகராட்சிப் பள்ளிகள் அரசு டெண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. டிரஸ்ட் நடத்தும் பள்ளி தன் சொந்தப் பணத்தில் வாங்கும்போது அவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனாலும் அந்த விதிகளில் இருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆர்.எஃப்.பி.யில் முதலில் வரவேண்டியது மெஷின் அல்ல, வகுப்பு. 'வகுப்புக்கு 40 பேர், ஒரு மெஷினுக்கு இருவர், 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை பாடம், தமிழும் மராத்தியும் டைப் செய்ய வேண்டும்' என்று எழுதினால் 20 என்ற எண்ணுக்குக் காரணம் வெண்டருக்குப் புரியும். கம்பெனிப் பெயரையும் மாடலையும் போடாமல், '8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி., அல்லது அதற்கு மேல்' என்று குறைந்தபட்சத் தேவையைச் சொன்னால் போதும். மாடலைக் குறிப்பிட்டால் அதை விற்பவர் ஒருவருக்காகவே எழுதியதாகிவிடும்.

அடுத்தது அறை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். நீள அகலம், எந்த மாடி, லிஃப்ட் உண்டா, எத்தனை பிளக் என்று வரைபடத்தோடு தர வேண்டும். 90 அடி ரோட்டில் வண்டி நின்றுவிட்டால், சந்துக்குள் இருக்கும் பள்ளியின் மூன்றாம் மாடிவரை சாமானைத் தூக்கிவரும் கூலி யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். மின்சாரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டருக்கு சுமார் 100 வாட் என்றால் 20-க்கு 2 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு ஓடினால் இன்னும் 3 கிலோவாட். கரண்ட் பில்லில் உள்ள அனுமதிக்கப்பட்ட லோடு இதைத் தாங்குமா? தாங்காதென்றால் கூடுதல் லோடு வாங்கும் பொறுப்பு பள்ளியுடையது என்று வெளிப்படையாக எழுதுங்கள். தாராவி, மாட்டுங்காவில் பெஸ்ட்டிடம் போக வேண்டும். செம்பூரில் அதானியோ டாடாவோ, யார் பில் அனுப்புகிறார்களோ அவர்களிடம்.

வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டம் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு ஒருமுறைச் செலவாக 6.40 லட்சமும், நடத்தும் செலவாக ஆண்டுக்கு 2.40 லட்சம் வீதம் ஐந்தாண்டுக்கும் வரையறுத்தது. ஐந்தாண்டில் அது 12 லட்சம். போடும் செலவைப்போல ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே 'வாரண்டி வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், 'மூன்றாண்டு, பள்ளிக்கே வந்து பழுது நீக்க வேண்டும், புகார் செய்து இரண்டு வேலை நாளில் முடிக்க வேண்டும், தவறினால் நாளுக்கு இவ்வளவு பிடித்தம்' என்று எழுதுங்கள். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

விலைப் படிவத்தை வெண்டர் கையில் விடக் கூடாது. கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., வயரிங், மேஜை, ஜி.எஸ்.டி., பராமரிப்பு எனத் தனித்தனி வரிகளோடு காலிப் படிவத்தைப் பள்ளியே தர வேண்டும். ஒரு வரியைக் காலியாக விட்டால் முன்மொழிவு தள்ளுபடி என்பதும் அதிலேயே இருக்கட்டும். இரண்டு உறைகள் கேளுங்கள்: ஒன்றில் தொழில்நுட்ப விவரம், மற்றொன்றில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டும், வந்திருப்பவர்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டும். விலையை முன்கூட்டிப் பார்த்துவிட்டால் மலிவானவரின் குறைகள் கண்ணில் படாது, மனித சுபாவம்.

உறைகளைத் தர வேண்டிய கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது எல்லோரையும் அழைத்து அறையைக் காட்டுங்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலை அனைவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். போனில் ஒருவருக்கு மட்டும் சொன்ன பதில் பின்னால் தகராறாகும். விலை 90 நாள் செல்லும் என்ற உறுதியும் தேவை. கம்ப்யூட்டர் விலை டாலரோடு ஏறி இறங்கும்.

மகாராஷ்டிரத்தில் பள்ளி திறப்பது ஜூன் நடுவில், மழையும் அப்போதுதான் பிடிக்கும். மே விடுமுறையில் வேலை முடிய வேண்டுமென்றால் ஆர்.எஃப்.பி. பிப்ரவரியில் வெளியாக வேண்டும்.