விடுப்பில் இருக்கும்போது பதில் சொல்லும் மின்னஞ்சல்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர், "18ஆம் தேதி வரை விடுப்பில் இருக்கிறேன்" என்று தானியங்கிப் பதில் வைக்கிறார். 18 அன்று அவர் இருப்பாரா, மாட்டாரா? பணம் வரவேண்டிய வியாபாரிக்கு அது புரியாது. "ஜனவரி 19, திங்கள் காலை பணிக்குத் திரும்புகிறேன்" என்றால் குழப்பமே இல்லை.

அடுத்தது மாற்று ஆள். "அவசரமென்றால் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்பதால் யாருக்கும் பயனில்லை. "பில் தொகை குறித்து: செல்வி, கணக்குப் பிரிவு" என்று எழுதி, அவருடைய மின்னஞ்சலையும் நேரடி எண்ணையும் தரவேண்டும். அதற்கு முன் செல்வியிடம் கேட்டு, நிலுவையில் உள்ள பில்களைக் காட்டிவிட்டுப் போவதுதான் முறை. அவரும் அதே வாரம் விடுப்பு எடுத்திருந்தால், வியாபாரிக்குக் கிடைப்பது இன்னொரு தானியங்கிப் பதில்தான்!

ஜிமெயிலில் இது Settings பக்கத்தில் Vacation responder என்ற பெயரில் இருக்கிறது. முதல் நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி, குறித்த கடைசி நாள் இரவு 11.59க்கு நிற்கும். கடைசி நாளைக் குறிக்காவிட்டால், திரும்பி வந்த பிறகும் "விடுப்பில் இருக்கிறேன்" என்றே போய்க்கொண்டிருக்கும். ஒரே ஆள் மீண்டும் மீண்டும் எழுதினாலும், பொதுவாக நான்கு நாளுக்கு ஒருமுறைதான் பதில் போகும். முதல் பதிலிலேயே தேவையான எல்லாம் இருக்க வேண்டும்.

அவுட்லுக்கில் அலுவலகத்தாருக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று எனத் தனித்தனியாக எழுதலாம். செல்வியின் கைபேசி எண்ணை உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தருவது நல்லது.