‘மாவு பொங்கவே இல்லையே பாட்டி!’ - உண்ணியப்பம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்

பாலக்காட்டைச் சேர்ந்த அந்தத் தமிழ்க் குடும்பத்தில் திருக்கார்த்திகை என்றால் அப்பம் சுடுவது பாட்டியின் வேலை. இந்த வருடம் தோள்வலி காரணமாகப் பாட்டியால் அடுப்பருகில் நிற்க முடியவில்லை. பெங்களூருவில் வேலை பார்க்கும் பேத்தி, “நான் சுட்டு எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்திருக்கிறது. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை இரவு மாவு அரைத்தார்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடியே இருக்கிறது. பொங்கவே இல்லை. குளிர்தான் காரணம் என்று நினைத்துப் பாத்திரத்தைத் தூக்கி பால்கனி வெயிலில் வைத்தார். வாழைப்பழம் சேர்த்தால் சீக்கிரம் புளிக்கும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், இன்னொரு பழத்தையும் பிசைந்து கலந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு முதல் ஈடு ஊற்றினார். அப்பம் எண்ணெயைக் குடித்துக்கொண்டு குழியோடு ஒட்டிக்கொண்டது. கம்பியால் திருப்பினால் பாதி வந்தது, பாதி அடியிலேயே நின்றது. வாயில் போட்டால் இனிப்புக்கு முன்னால் புளிப்புதான் தெரிந்தது.

வீடியோ காலில் அதைப் பார்த்த பாட்டி கேட்ட முதல் கேள்வி, “ஏண்டி, இது என்ன இட்லி மாவா, பொங்கறதுக்கு?”

உண்ணியப்பத்தை முதல் தடவை செய்கிற பலர் சறுக்குவது இங்கேதான். இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் உளுந்து. அரைத்த உளுந்து நுரைத்து, புளிக்கும்போது உண்டாகிற வாயுவைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பாத்திரத்தின் விளிம்பு வரை ஏறி வருகிறது. உண்ணியப்ப மாவில் உளுந்து கிடையாது. பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம் மட்டும்தான். வாயு உண்டாகும், ஆனால் அதைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து வெளியேறிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அரிசியிலும் பழத்திலும் இயற்கையாகவே இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் இந்த மாவைப் புளிக்க வைக்கின்றன. கொஞ்சம் சர்க்கரை கிடைத்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஆனால் வெல்லம் அதிகமானால், அதே இனிப்பு அவற்றிடமிருந்து நீரை இழுத்து வேகத்தைக் குறைத்துவிடும். பாகும் ஜாமும் சீக்கிரம் கெடாமல் இருப்பதும் இதனால்தான். அரிசிக்கு முக்கால் பங்கு வெல்லம் சேர்கிற உண்ணியப்ப மாவு மெதுவாகத்தான் புளிக்கும்.

அப்படியென்றால் மாவு தயார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உயரத்தைப் பார்க்கக் கூடாது. மேற்பரப்பில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். கரண்டியை விட்டுக் கிளறினால் ராத்திரி இருந்ததைவிட மாவு இளகி, லேசாகக் காற்று கலந்தது போல இருக்கும். முக்கியமாக வாசனை. வெல்லமும் பழமும் சேர்ந்த வாசனைக்குப் பின்னால், கனிந்த பழத்தின் மெல்லிய புளிப்பு எட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கள் வாசனையோ, மூக்கில் ஏறுகிற புளிப்போ வந்துவிட்டால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

பாலக்காட்டு வெக்கையில் இதற்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். பெங்களூருவின் டிசம்பர் இரவில் 10 முதல் 12 மணி நேரம் வரை ஆகலாம். பேத்தி அரைத்த மாவு அநேகமாகக் காலை ஒன்பது, பத்து மணிக்கே தயாராகியிருக்கும். வெயிலில் வைத்த நேரத்தில் அது எல்லை தாண்டிப் போயிருக்கிறது. மாவு அதிகமாகப் புளித்தால் நீர்த்துப்போய்க் கட்டு விட்டுவிடும். எண்ணெயில் விழுந்ததும் உருண்டு நிற்காமல் பரவும், எண்ணெயையும் உறிஞ்சும். நடுவில் சேர்த்த பழம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பழம் கூடினால் அப்பம் மெத்தென்று ஆகும் என்பது ஒரு அளவு வரைதான். அதற்கு மேல் போனால் சொதசொதவென்று ஆகி, குழியில் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டி சொன்ன அளவு

ஞாயிற்றுக்கிழமை இரவு, போனை மிக்ஸிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டாவது முயற்சி ஆரம்பமானது.

பச்சரிசி ஒரு டம்ளர், அதாவது 200 கிராம். நான்கு மணி நேரம் ஊறியதும் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். வெல்லம் 150 கிராம். அதை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கொதி வந்ததும் மண் போக வடிகட்ட வேண்டும். பாகுப் பதம் வேண்டாம், கரைந்தால் போதும்.

பாட்டி குரலை உயர்த்தியது அடுத்த இடத்தில். “சூடா இருக்கும்போது ஊத்திடாதே. விரலை விட்டா வெதுவெதுன்னுகூடத் தெரியக் கூடாது.” இதற்குக் காரணம் உண்டு. சூடான வெல்லக் கரைசல் பட்டால் அரிசியின் மாவுச்சத்து அங்கேயே பாதி வெந்து, மாவு பசைபோல இழுபடும். புளிக்க வைக்க வேண்டிய ஈஸ்ட்டும் அந்தச் சூட்டில் செத்துப்போகும். அப்படி அரைத்த மாவை எத்தனை மணி நேரம் வைத்தாலும் அப்பம் உள்ளே களிபோலத்தான் இருக்கும்.

ஆறிய வெல்லத் தண்ணீரை ஊற்றித்தான் அரிசியை அரைக்க வேண்டும், வேறு தண்ணீர் கூடாது. சந்தனம் போல மைய அரைப்பதும் தப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருடல் தெரிய வேண்டும். அந்தக் குருணைகள்தான் இரவு முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டு, பொரியும்போது உள்ளே மெத்தென்று வேகும். ஓரத்தில் எண்ணெய் படுகிற குருணைகள் மொறுமொறுப்பாகும். மைய அரைத்த மாவில் சுட்டால் ஆறியதும் ரப்பர்போல இழுக்கும்.

வாழைப்பழத்தைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும். நன்றாகப் பழுத்த சின்னப் பழம் இரண்டு. பெயரில் ஒரு குழப்பம் வரும். கேரளத்தில் பாளையங்கோடன் என்று சொல்வதுதான் தமிழ்நாட்டில் நாம் வாங்குகிற பூவன் பழம். அங்கே ஞாலிப்பூவன் என்பது வேறு, அது இங்கே ஏலக்கி என்று விற்பது. உண்ணியப்பத்துக்கு வழக்கமாகப் போடுவது பாளையங்கோடன். லேசான புளிப்பு உள்ள பழம் என்பதால் வெல்லத்தின் திகட்டலை அடக்கும்.

அரைத்த மாவு கரண்டியிலிருந்து ஊற்றினால் நாடாபோலத் தடிமனாக விழ வேண்டும். உப்பு ஒரு சிட்டிகை. அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் வேண்டாம். ஏலக்காய், சுக்கு, கருப்பு எள், நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல் எல்லாம் சுடுவதற்குச் சற்று முன்னால் சேர்த்தால்தான் வாசனை நிற்கும்.

குளிருக்குப் பாட்டி சொன்ன வழி சுலபமானது. மாவுப் பாத்திரத்தை மூடி, கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, இரண்டையும் சேர்த்துத் துணியால் சுற்றி அடுப்பு மேடையின் மூலையில் வைக்க வேண்டும். ஆப்ப சோடா போடட்டுமா என்று பேத்தி கேட்டதற்குப் பாட்டி பதிலே சொல்லவில்லை. அவசரத்துக்குச் சோடா போடுகிறவர்கள் உண்டு. ஆனால் சோடா சேர்ந்த வெல்ல மாவு உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும், கொஞ்சம் கூடினாலும் எண்ணெய் குடிக்கும்.

குழியில் நடப்பது

திங்கள் காலை ஏழு மணிக்குக் குமிழிகள் தெரிந்தன. வாசனையும் வந்திருந்தது. மாவு கொஞ்சம் இறுகியது போல இருந்ததால் ஒரு ஸ்பூன் தண்ணீர் மட்டும் சேர்த்தார்.

உண்ணியப்பத்தைச் சுடுகிற பாத்திரத்தைக் கேரளத்தில் அப்பக்காரை என்பார்கள். நம் குழிப்பணியாரக் கல்லின் உறவுதான். ஆனால் பணியாரத்துக்கு விடுவதுபோலச் சொட்டு எண்ணெய் விட்டால் ஓரம் மொறுமொறுப்பாகாது. ஒவ்வொரு குழியிலும் பாதிக்கு எண்ணெய் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயோடு கொஞ்சம் நெய் சேர்த்துக்கொள்ளலாம். மாவு விழுந்ததும் எண்ணெய் மேலேறி விளிம்பைச் சுற்றி வளையமாக நிற்கும். மொறுமொறுப்பு உண்டாவது அந்த வளையத்தில்தான்.

தீ மிதமாகவே இருக்க வேண்டும். வெல்லம் சீக்கிரம் சிவக்கும் என்பதால், தீ கூடினால் வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவாக நிற்கும். ஓரம் தேன் நிறத்திலிருந்து பழுப்புக்கு மாறும்போது கம்பியால் குத்தி ஒரே திருப்பு. சரியாகப் புளித்த மாவு தானாகவே உருண்டு திரும்பும்.

முதலில் ஒரே ஒரு அப்பம் ஊற்றிப் பார்ப்பது நல்லது. உடைந்து பிரிந்தால் ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்க்கலாம். கல்லுபோல இருந்தால் அரைப் பழத்தைப் பிசைந்து சேர்க்கலாம். புளிப்பு ஏறிவிட்டால் மட்டும் வழி கிடையாது. வெல்லத்தைக் கூட்டி மறைக்கப் பார்த்தால், குழியில் ஒட்டி இன்னும் உடையும்.

கேரளத்தில் உண்ணியப்பம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கொல்லம் மாவட்டத்தின் கொட்டாரக்கரை மகாகணபதி கோயில். அங்கே பிள்ளையாருக்கு முக்கிய நைவேத்தியமே இதுதான். ‘உண்ணி’ என்றால் சிறியது, குழந்தை என்று பொருள். நெய்யப்பம் வேறு. அது பெரியது, குழியில்லாமல் எண்ணெயில் நேராக ஊற்றிச் சுடுவது. பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் கார்த்திகைக்கு இரண்டில் எதைச் சுட்டாலும் பொதுவாக அப்பம் என்று சொல்லிவிடுவதும் உண்டு.

அந்த அளவுக்கு 20 அப்பம் வந்தது. ஆறிய பிறகு டப்பாவில் போட்டு மூட வேண்டும், சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி ஓரம் நமத்துப்போகும். நன்றாகப் பொரிந்தது இரண்டு, மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாள் ஓரம் கொஞ்சம் இளகும், உள்ளே இன்னும் மெத்தென்று ஆகும். அது பிடிக்கும் என்பதற்காக மறுநாள் வரை காத்திருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு.

பேத்தி தட்டில் அடுக்கி போட்டோ எடுத்து அனுப்பினார். பாட்டி உடனே போன் செய்தார்.

“வெளியே பார்த்து என்ன தெரியும்? ஒண்ணை உடைச்சுக் காட்டு.”

உடைத்துக் காட்டினார். உள்ளே ஊசி முனை அளவுக்குத் துளைகள், நடுவில் ஈரம் இல்லை. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

“கார்த்திகைக்கு ரெண்டு டம்ளரா ஊறப் போடு. எதிர் வீட்டுக்கும் கொடுக்கணும்.”